புள்ளிக்கு எத்தனை ரூபாய்? பஞ்சப்படிக் கோரிக்கையின் உள்கணக்கு

1. கேள்வி

விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும் என்பதை எந்த நிர்வாகமும் நேராக மறுப்பதில்லை. எப்போது ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது, யார் சொல்லும் விலையை நம்புவது என்று வரும்போதுதான் பேச்சுவார்த்தை இழுபறியாகிறது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு முதல் வரியில் இருக்கும். “விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படி” என்பது நாலாவது ஐந்தாவது வரியில் ஒற்றை வாக்கியமாக வந்துபோகும். உயர்வுத் தொகைக்காக மாதக்கணக்கில் வாதாடிவிட்டு, கையெழுத்திடும் நாளில் பஞ்சப்படி விதியை “பழையபடியே” என்று எழுதி முடித்துவிடுவதும் உண்டு.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: விலை வேகமாக ஏறும் காலத்தில், குறியீட்டெண்ணோடு இணைந்த ஒழுங்கான பஞ்சப்படியைத் தனியார் நிறுவனத்திடம் கேட்கும் தொழிலாளர்கள் சரியாக எதைக் கேட்க வேண்டும்? பஞ்சப்படி ஒரு சலுகையா, உரிமையா என்ற பழைய விவாதம் இங்கே பின்னுக்குப் போகிறது. நடைமுறையில் பஞ்சப்படி என்பது ஒரு சூத்திரம். குறியீட்டெண், ஈட்டு விகிதம், திருத்தும் கால இடைவெளி ஆகிய மூன்று உறுப்புகள் அதில் முக்கியமானவை. தொழிலாளி இழப்பதும் பெறுவதும் பெரும்பாலும் இவற்றில்தான். மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதும், அந்த எடை வேறுபாடு தெரியாமல் பேசுகிற சங்கம் தவறான இடத்தில் விட்டுக்கொடுத்துவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. ஆணையாக வருவதும் ஒப்பந்தமாக வருவதும்

இந்தியாவில் பஞ்சப்படிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் ஆலைகளில் தானிய விலையேற்றத்துக்கான உதவியாகத் தலைகாட்டி, இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் அது முறைப்பட்டது. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஊழியர்களின் கோரிக்கையை விசாரித்த பி.என். ராவ் தலைமையிலான விசாரணை மன்றம் இதில் ஒரு திருப்புமுனை. விலையேற்றத்தின் சுமையைக் கடைநிலை ஊழியர் தாங்க முடியாது என்ற எண்ணமே அன்றைய ஏற்பாடுகளின் அடிப்படை.

அந்த எண்ணம் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் வேரூன்றியது. பெங்கால் கெமிக்கல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்புகளின் சாரத்தைத் தொகுத்துச் சில கொள்கைகளை வகுத்தது. மிகக் கீழ்நிலை ஊழியருக்குத் தவிர, விலையேற்றம் முழுவதற்கும் ஈடு வழங்குவது வழக்கமல்ல. பஞ்சப்படி பொதுவாக ஏறுமுகத்தில் கூடவும் இறங்குமுகத்தில் குறையவும் செய்கிற நகரும் அளவாக இருக்க வேண்டும். அதே தொழிலில் அதே வட்டாரத்தில் நிலவும் நிலைமையும், நிறுவனத்தின் மேல் விழும் கூடுதல் சுமையும் கணக்கில் வர வேண்டும். நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர்கள் முதல் கொள்கையைத்தான் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் தீர்ப்பாயம் எதை விதிக்கலாம் என்பதற்கான வழிகாட்டல்தான் அது. இரு தரப்பும் மேசையில் உட்கார்ந்து முழு ஈட்டுக்கு ஒப்புக்கொள்வதை அது தடுக்கவில்லை.

அரசுத் துறையே அந்தக் கொள்கையைத் தாண்டி வந்துவிட்டது. நான்காவது ஊதியக்குழு 1986இல் மாதம் 3,500 ரூபாய் வரை அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கு 100 சதவீத ஈடும், 6,000 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 65 சதவீதமும் என்று படிக்கட்டாக வகுத்தது. ஐந்தாவது ஊதியக்குழு அந்தப் படிக்கட்டை நீக்கி எல்லோருக்கும் 100 சதவீதம் ஆக்கியது. இன்று ஒன்றிய அரசின் அகவிலைப்படி, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 12 மாதச் சராசரியை வைத்து ஆண்டுக்கு இரு முறை, ஜனவரி 1ஐயும் ஜூலை 1ஐயும் தேதியாகக் கொண்டு, அடிப்படைச் சம்பளத்தின் சதவீதமாகத் திருத்தப்படுகிறது.

ஆனாலும் அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆணையால் வருவது. ஆணையால் நிற்கவும் செய்யும். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 17 சதவீதத்தில் நின்றிருந்த படி 2021 ஜூலையில் 28 சதவீதமாயிற்று; இடைப்பட்ட காலத்துக்கு நிலுவைத் தொகை கிடையாது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு அதே 17 சதவீதம் 2022 ஜனவரி 1 முதல்தான் 31ஆக உயர்ந்தது. அதே காலத்தில் வங்கி ஊழியரின் பஞ்சப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கம்போல் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அது இருதரப்பு ஒப்பந்தத்தின் உறுப்பு என்பதே காரணம்.

தனியார் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இந்த இரண்டாவது மரபே பொருந்தும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் அதில் சேர்ந்தவர்களை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டும். இரண்டிலும், காலம் முடிந்த பிறகும் முறைப்படி முடிவறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் கழியும்வரை ஒப்பந்தம் உயிரோடிருக்கும். சம்பளத்தையும் படிகளையும் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது 9ஏ பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இந்த முன்னறிவிப்பு ஏற்பாடு தொடர்கிறது. ஆக, “விலை ஏறியதால் இந்த ஆண்டு 1,500 ரூபாய் சிறப்புப்படி” என்று ஒரு சுற்றறிக்கையில் வருவதற்கும், ஒப்பந்தத்தில் ஒரு சூத்திரம் இருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னதை அடுத்த ஆண்டு மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். பின்னதை நிறுத்தத்தான் நிர்வாகம் மெனக்கெட வேண்டும். பஞ்சப்படி என்ற பெயரில் வருவது வருங்கால வைப்புநிதிக்கும் பணிக்கொடைக்கும் கணக்கில் சேர்வதும் கூடுதல் ஆதாயம்.

நிலையான தொகை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதற்கு இலங்கையின் அண்மை அனுபவம் சான்று. அங்கே அரசு ஊழியரின் வாழ்க்கைச் செலவுப்படி மாதம் 7,800 ரூபாய் என்ற அளவில் நின்றிருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அந்தப் படியை 10,000 ரூபாய் உயர்த்தும் அறிவிப்பு 2024ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்தது. இடையில் தனித் தொகைகள் வழங்கப்பட்டாலும், எந்த விலை மட்டத்துக்கு எவ்வளவு என்ற விதி இல்லாததால் ஒவ்வொரு தொகையும் அரசியல் முடிவாகவே இருந்தது.

3. எந்தக் குறியீட்டெண்?

தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒன்றிய அரசின் தொழிலாளர் செயலகம் தயாரிக்கிறது. இப்போதைய தொடருக்கு 2016ஆம் ஆண்டு 100. நாடு முழுவதும் 88 மையங்களில் விலை திரட்டப்படுகிறது; சென்னை, கோவை, மதுரை, சேலம் ஆகியவை அவற்றில் அடங்கும். ஒரு மாதத்தின் எண் அடுத்த மாதக் கடைசியில் வெளியாகும். அனைத்திந்திய எண்ணோடு மையவாரி எண்ணும் கிடைக்கும்.

உள்ளூர் விலை வேகமாக ஏறுகிறது என்று சொல்லும் சங்கம் உள்ளூர் எண்ணைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றும். அதில் நியாயமுண்டு. நகரத்தின் வாடகையும் பேருந்துக் கட்டணமும் அனைத்திந்தியச் சராசரியில் கரைந்துவிடும். ஆனால் ஒற்றை மையத்தின் எண் தடுமாற்றம் மிகுந்தது. மழைக்குப் பின் தக்காளி விலை இறங்கினால் அந்த மாத எண்ணும் இறங்கும். வீட்டு வாடகை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்பட்டு ஜனவரி, ஜூலை எண்களில் ஏறும் என்பதால், இடைப்பட்ட மாதங்களில் வாடகை உயர்வு குறியீட்டெண்ணில் தெரியாது. தம் ஊரில் மையமே இல்லாத தொழிற்பேட்டைகள் பக்கத்து மையத்தை ஏற்பதா, அனைத்திந்திய எண்ணை ஏற்பதா என்ற கேள்வியும் உண்டு. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டு எண்களும் எத்தனை சதவீதம் ஏறின என்று பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதே சரியான வழி. வேறுபாடு சிறிதானால் தடுமாற்றம் குறைந்த அனைத்திந்திய எண்ணே மேல்; பெரிதானால் மைய எண்ணைக் கேட்டு, ஒற்றை மாத எண்ணுக்குப் பதில் மூன்று மாதச் சராசரியை எழுத வைக்கலாம். ஆண்டுக்கொரு எண்ணுக்கு மாறிக்கொள்ளும் உரிமை இரு தரப்புக்கும் இருக்கக் கூடாது.

கூடையின் உள்ளடக்கம் குறித்த விமர்சனமும் புறந்தள்ளத் தக்கதல்ல. 2001 தொடரில் உணவுக்கு 46.20 ஆக இருந்த எடை 2016 தொடரில் 39.17 ஆயிற்று, கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலியவை அடங்கிய பல்வகைப் பிரிவு 23.26இலிருந்து 30.31 ஆயிற்று. உணவு விலை மட்டும் பாய்ந்தேறும் காலத்தில், சம்பளத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கே செலவிடும் குடும்பத்தின் நெருக்கடியைப் புதிய தொடர் குறைத்தே காட்டும். ஆனால் தனியாக ஒரு கூடையைச் சங்கமே தயாரித்துக் கேட்பது பேச்சுவார்த்தையில் நிற்பதில்லை. இரு தரப்பும் கைவைக்க முடியாத, மாதந்தோறும் வெளியாகும் எண் என்பதே இந்தக் குறியீட்டெண்ணின் பலம். கூடையின் குறையை ஈட்டு விகிதத்தில் வாதாடி நேர்செய்வதே நடக்கக்கூடியது.

அடிப்படை ஆண்டு மாறும்போது வரும் சிக்கல் வேறு வகை. 2016 தொடர் வந்தபோது அனைத்திந்திய எண்ணுக்கு 2.88 என்ற இணைப்புக் காரணி அறிவிக்கப்பட்டது. புதிய எண்ணை இதனால் பெருக்கினால் 2001 தொடருக்குரிய எண் கிடைக்கும். மையங்களுக்குத் தனித்தனிக் காரணிகள் உண்டு. ஒப்பந்தத்தில் “ஒவ்வொரு புள்ளிக்கும்” என்று மட்டும் எழுதி, எந்தத் தொடரின் புள்ளி என்பதை எழுதாவிட்டால் என்ன ஆகும்? புதிய தொடரில் ஒரு புள்ளி ஏறுவது பழைய தொடரில் கிட்டத்தட்ட மூன்று புள்ளி ஏறுவதற்குச் சமம். பழைய விகிதத்தில் புதிய புள்ளிக்குப் பணம் போட்டால் பஞ்சப்படி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். சம்பளச் சீட்டில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: குறியீட்டெண் ஏறிய சதவீதத்தையும், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை ஏறிய சதவீதத்தையும் ஒப்பிட்டால் போதும்.

4. ஒரு கணக்கு

ஈட்டு விகிதத்துக்கு வருவோம். கணக்குக்காக ஒரு பொறியியல் ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்த நாளில் அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய். அன்று குறியீட்டெண் 2016 தொடரில் 140. 2001 தொடரில் இது 403.2. நிர்வாகம் 2001 தொடரில் ஒரு புள்ளிக்கு 20 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. கேட்பதற்கு நல்ல தொகைதான். “போன ஒப்பந்தத்தில் 14 ரூபாய், இப்போது 20” என்று சொன்னால் வாயிற்கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும்.

ஆனால் முழு ஈடு எவ்வளவு என்பதை 18,000ஐ 403.2ஆல் வகுத்துத்தான் அறிய முடியும்: புள்ளிக்கு ஏறத்தாழ 44 ரூபாய் 64 காசு. 20 ரூபாய் என்பது அதில் 45 சதவீதம். விலை 10 சதவீதம் ஏறி எண் 140இலிருந்து 154 ஆனால், 2001 தொடரில் 40.32 புள்ளி கூடும். தொழிலாளிக்குக் கிடைப்பது 806 ரூபாய். பழைய சம்பளத்தின் வாங்கும் சக்தியைக் காக்கத் தேவைப்படுவது 1,800. இந்த வேகம் மூன்றாண்டு ஒப்பந்தக் காலம் முழுவதும் நீடித்தால், இறுதியில் தேவைப்படும் சம்பளம் 23,958 ரூபாய். கையில் இருப்பது ஏறத்தாழ 20,670. சீட்டில் 2,670 ரூபாய் கூடியிருந்தும், வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 14 சதவீதம் போயிருக்கும். அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகம் 3,000 ரூபாய் உயர்வு கொடுத்தால், அது முன்னேற்றமாகத் தெரியும். உண்மையில் அது இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கே போதாது.

புள்ளிக்கு ஒரே தொகை என்ற முறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே ஆலையில் 12,000 பெறுபவருக்கு முழு ஈடு புள்ளிக்கு 29.76 ரூபாய், அவருக்கு 20 ரூபாய் என்பது 67 சதவீத ஈடு. 36,000 பெறும் மூத்த தொழிலாளிக்கு அதே 20 ரூபாய் 22 சதவீதம்தான். கீழ்நிலையில் இருப்பவருக்குக் கூடுதல் காப்பு என்ற முறையில் இது நீதியானது. இந்தியத் தீர்ப்பாயங்களின் மரபோடும் ஒத்துப்போகிறது. ஆனால் விலை வேகமாக ஏறும்போது திறன்மிக்க தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கும்.

இத்தாலி இதை அனுபவித்துப் பார்த்த நாடு. அங்கே போருக்குப் பின் வந்த “ஸ்காலா மொபிலே” என்ற நகரும் அளவு முறையில், 1975 ஒப்பந்தம் எல்லோருக்கும் புள்ளிக்கு ஒரே தொகை என்றாக்கியது. அந்தப் பத்தாண்டின் கடும் பணவீக்கத்தில் சம்பள வேறுபாடுகள் வேகமாகச் சுருங்கின. 1980 அக்டோபரில் துரின் நகரில் ஃபியட் நிறுவனத்தின் மேற்பார்வையாளர்களும் அலுவலர்களும் வேலைநிறுத்தத்துக்கு எதிராக ஊர்வலம் போனதற்கு உடனடிக் காரணம் வேறு. ஆனால் அவர்கள் மனக்கசப்பின் பின்னணியில் இந்தச் சுருக்கமும் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1984இல் அரசு அவசரச் சட்டத்தால் புள்ளிகளை வெட்டியது. 1985 பொதுவாக்கெடுப்பு அந்த வெட்டை நிலைநிறுத்தியது. 1992இல் முறையே ஒழிந்தது. இந்த முடிவுக்கு அரசியல் காரணங்கள் பல. சங்கம் கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லா உறுப்பினருக்கும் ஓரளவாவது பயன் தராத சூத்திரத்தைக் காப்பாற்ற எல்லா உறுப்பினரும் வரமாட்டார்கள். புள்ளித் தொகையோடு, அடிப்படைச் சம்பளத்தின் ஒரு சிறு சதவீதத்தையும் சேர்த்துக் கேட்கும் கலப்பு முறை இதற்கு ஒரு வழி.

5. தாமதத்தின் விலை

மூன்றாவது உறுப்பு, திருத்தும் கால இடைவெளி. அதே 18,000 ரூபாய்த் தொழிலாளிக்கு முழு ஈடு கிடைக்கிறது என்றும், விலை ஆண்டுக்கு 10 சதவீதம் என்று மாதா மாதம் சீராக ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 150 ரூபாய் தேவை கூடுகிறது. ஏப்ரல் 1இல் கையில் இருக்கும் கடைசி எண் பிப்ரவரியுடையது. ஆகவே ஏப்ரலில் இரண்டு மாதப் பாக்கி, மே மாதத்தில் மூன்று மாதப் பாக்கி என்று போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தினால் ஆண்டு இழப்பு 5,400 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திருத்தினால் 13,500. நான்கு திருத்தத்துக்கும் ஒரு திருத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 8,100 ரூபாய், ஏறத்தாழ அரை மாதச் சம்பளம்.

சராசரி எடுக்கும் முறை இந்தத் தாமதத்தை மேலும் நீட்டும். தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகளில் பஞ்சப்படி பெரும்பாலும் சென்னை நகரக் குறியீட்டெண்ணோடு இணைந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரையான 12 மாதச் சராசரியை வைத்து, அடுத்த ஏப்ரல் 1 முதல் புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று அது கணக்கிடப்படுகிறது. ஓர் ஆண்டின் சராசரி என்பது ஏறத்தாழ அந்த ஆண்டின் ஜூன் மாதக் கடைசி விலை. அது நடைமுறைக்கு வரும் ஏப்ரலிலேயே ஒன்பது மாதம் பழையது. அதற்கடுத்த மார்ச்சில் ஏறத்தாழ 20 மாதம் பழையது. ஆலையின் நிரந்தரத் தொழிலாளருக்கு ஒப்பந்தப் பஞ்சப்படி இருக்கலாம். பக்கத்து எந்திரத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் இந்த 20 மாதப் பழைய விலைதான் கதி. சங்கம் தன் கோரிக்கைப் பட்டியலில் அவர்களையும் சேர்க்காவிட்டால், பஞ்சப்படி ஏற ஏற நிரந்தர வேலையிடங்களைக் குறைக்கும் தூண்டுதல் நிர்வாகத்துக்குக் கூடிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விலை ஒரே வேகத்தில் ஏறும்வரை, தாமதத்தால் வரும் இழப்பு சம்பளத்தின் ஒரே விகிதமாக ஆண்டுதோறும் திரும்புமே தவிரக் குவிவதில்லை. அடுத்த திருத்தத்தில் பள்ளம் மூடப்படுகிறது. ஈட்டு விகிதக் குறைவால் வரும் இழப்போ ஆண்டுக்கு ஆண்டு குவிகிறது. மேற்கண்ட கணக்கில் மூன்றாம் ஆண்டின் இறுதியில், குறை ஈட்டால் மாதம் 3,288 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 39,000க்கு மேல், போய்க்கொண்டிருக்கும். ஆண்டுத் திருத்தத்தின் தாமத இழப்பு அதில் பாதியைக்கூட எட்டாது. விலை ஏறும் வேகமே கூடிக்கொண்டு போனால் தாமதத்தின் விலையும் கூடும். இலங்கையில் 2022இல் இருந்த நிலையில் மூன்று மாத இடைவெளியே தாங்க முடியாததாகிவிடும். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குள் இருக்கும் இந்திய நிலைமைகளில் ஈட்டு விகிதமே முதன்மையானது.

6. நிர்வாகத்தின் எதிர்வாதங்கள்

முதல் வாதம், சம்பளமும் விலையும் ஒன்றையொன்று துரத்தி ஏறும் என்பது. நாடு முழுவதும் சம்பளங்கள் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்த இத்தாலியைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் 1960களுக்குப் பிந்தைய காலத்தில் வளர்ந்த நாடுகளில் நிகழ்ந்த இத்தகைய ஏற்றங்களை ஆராய்ந்து 2022இல் பன்னாட்டு நாணய நிதியம் வெளியிட்ட ஓர் ஆய்வு, சம்பளமும் விலையும் தொடர்ந்து வேகமெடுத்த நேர்வுகள் சிறுபான்மையே என்று கண்டது. இந்தியாவில் பெரும்பாலான உழைப்பாளருக்குப் பஞ்சப்படியே கிடையாது என்ற நிலையில், ஒரு தொழிற்சாலையின் ஒப்பந்தம் நாட்டின் விலை மட்டத்தை உயர்த்திவிடும் என்ற வாதம் அளவறியாதது.

இரண்டாம் வாதம் கனமானது: கூடும் சம்பளச் செலவை விலையில் ஏற்ற முடியாது என்பது. வாகன உதிரிபாக ஆலைகளை எடுத்துக்கொண்டால், எஃகு, அலுமினிய விலை மாற்றத்துக்கு ஈடு தரும் ஏற்பாடு வாகன நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தங்களில் பரவலாக உண்டு. கூலி உயர்வுக்கு அப்படி ஈடு கிடைப்பது அரிது. மாறாக, ஆண்டுதோறும் விலையைக் குறைத்துத் தரச் சொல்லும் நெருக்கடியும் இருக்கும். இந்த வாதத்துக்குப் பதில் வாதத்தால் வராது, கணக்கால்தான் வரும். நிறுவனத்தின் ஆண்டு அறிக்கையில் இலாப நட்டக் கணக்கில் ஊழியர் செலவு தனி வரியாக இருக்கும். அது விற்பனையில் 12 சதவீதம் என்று வைத்தால், எல்லோருக்கும் முழு ஈடாக 10 சதவீதம் கொடுத்தாலும் செலவு விற்பனையில் 1.2 சதவீதம்தான் கூடும். இலாப விகிதம் 8 சதவீதமுள்ள நிறுவனத்துக்கு இது தாங்கக்கூடியது. 2 சதவீதமுள்ள சிறு ஆலைக்கு உண்மையான நெருக்கடி. இரண்டுக்கும் ஒரே கோரிக்கைப் பட்டியலை நகலெடுத்துக் கொடுப்பது தவறு.

மூன்றாம் வாதம், செலவை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பது. இதற்காக நிர்வாகம் கேட்பது உச்சவரம்பு. ஒரு காலாண்டில் இத்தனை ரூபாய்க்கு மேல் பஞ்சப்படி கூடாது என்ற விதியை ஏற்பதில் தவறில்லை, வரம்புக்கு மேற்பட்டது அடுத்த காலாண்டுக்குக் கடத்தப்படும் என்ற வாக்கியம் உடனிருந்தால். அது இல்லாத உச்சவரம்பு, விலை மிக வேகமாக ஏறும்போது மட்டும் செயலிழக்கும் காப்பீடாகிவிடும். அமெரிக்காவில் 1948இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தத்தில் தொடங்கிய வாழ்க்கைச் செலவுச் சரிக்கட்டலை, நெருக்கடியின் பேரில் 2009இல் வாகனத் தொழிற்சங்கம் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டது. அதைத் திரும்பப் பெற 2023ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. சூத்திரத்தை மெதுவாக்கலாம், தள்ளிவைக்கலாம். நீக்கினால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

7. கோரிக்கை வாசகமும் விட்டுக்கொடுக்கும் வரிசையும்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் ஒப்பந்த வாசகம் ஏறத்தாழ இப்படி அமையலாம்: “அடிப்படைச் சம்பளத்தோடு மாறும் பஞ்சப்படி வழங்கப்படும். இதற்கு 2016=100 தொடரின் அனைத்திந்தியத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் எடுத்துக்கொள்ளப்படும். தொடக்க எண் 140. ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும், அதற்குமுன் வெளியான மூன்று மாத எண்களின் சராசரி தொடக்க எண்ணை விஞ்சும் ஒவ்வொரு புள்ளிக்கும் 90 ரூபாயும், அடிப்படைச் சம்பளத்தின் 0.2 சதவீதமும் வழங்கப்படும். புள்ளியின் பின்னங்களுக்கும் அதே விகிதம். தொடர் மாறினால் தொழிலாளர் செயலகம் அறிவிக்கும் இணைப்புக் காரணி பின்பற்றப்படும். புதிய ஒப்பந்தம் வரும்வரை இப்பிரிவு தொடரும்.”

இங்கே புள்ளி 2016 தொடருடையது என்பதால் முழு ஈடு புள்ளிக்கு 128 ரூபாய் 57 காசு. அந்த 18,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று கொண்டால், 90 ரூபாயோடு 20 ரூபாய் சேர்ந்து 110. ஏறத்தாழ 86 சதவீத ஈடு. மேசைக்குப் போகுமுன் சங்கத்தின் கையில் இருக்க வேண்டிய எண் இந்தச் சதவீதம்தான். நிர்வாகம் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதை முழு ஈட்டால் வகுத்து, அந்த விகிதத்தில் பேச வேண்டும். 14 ரூபாய் 20 ஆனதா என்பது முக்கியமல்ல. 45 சதவீதம் 60 ஆனதா என்பதே முக்கியம்.

எல்லாவற்றையும் பெற முடியாத நிலையில் விட்டுக்கொடுக்கும் வரிசை ஒன்று இந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கிறது. முதலில் விட்டுக்கொடுக்கத் தக்கது கால இடைவெளி: மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கலாம். அடுத்து, கடத்தும் விதியோடு கூடிய உச்சவரம்பு. அதற்கடுத்து, மைய எண்ணா அனைத்திந்திய எண்ணா என்பது. ஈட்டு விகிதம் கடைசி. உடனடி உயர்வுத் தொகையில் சில நூறு ரூபாய் குறைந்தாலும் ஈட்டு விகிதத்தைக் காப்பது, விலை வேகமாக ஏறும் காலத்தில் இலாபமே.

சங்கமே இல்லாத அலுவலகங்களிலும் தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இந்த வழி அப்படியே திறந்திருக்கவில்லை. தனி ஊழியர் சூத்திரத்தைப் பெறுவது அரிது. ஆண்டு மதிப்பீட்டின்போது, குறியீட்டெண் ஏறிய சதவீதத்தைத் திறமைக்கான உயர்விலிருந்து பிரித்துத் தனி வரியாகக் காட்டச் சொல்வதே அவரால் கூடியது. அந்தப் பிரிப்பு இல்லாதவரை, 7 சதவீத உயர்வில் 6 சதவீதம் விலையேற்றத்துக்குப் போனது தெரியாமலே பாராட்டுக் கடிதத்தை வாங்கிக்கொள்ள நேரும்.

பஞ்சப்படி தொழிலாளியைப் பணக்காரராக்குவதில்லை. முழு ஈடு கிடைத்தாலும் அது நேற்றைய சம்பளத்தை இன்றைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. ஆனால் அந்தச் சூத்திரம் சரியாக அமைந்துவிட்டால், அடுத்த பேச்சுவார்த்தையில் இழந்ததை மீட்பதற்கான வாதம் தேவைப்படாது. உற்பத்தி பெருகியதில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியிலிருந்தே சங்கம் தொடங்கலாம்.